உட்காராமல் எடுத்த அளவு

அந்தக் கிளினிக்கில் அவருக்கு விரல் அக்கா என்று பெயர். காய்ச்சலோ கால்வலியோ, யார் எதற்காக வந்து மேசைக்கு முன்னால் நின்றாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை "விரலைக் குடுங்க" என்பதுதான். துணிக்கு மாட்டுகிற கிளிப் மாதிரி இருக்கிற அந்தச் சின்னக் கருவியை விரலில் மாட்டி, ஆக்ஸிஜன் எத்தனை, நாடித் துடிப்பு எத்தனை என்று சீட்டில் எழுதிய பிறகுதான் மற்ற கதை. வீட்டுக்காரர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் காலையில் விரலை நீட்டினால்தான் காபி கிடைக்கும் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பாதி பொய்.

நர்ஸ் வேலையில் அக்காவுக்கு இருபத்தாறு வருடம். பெரிய ஆஸ்பத்திரியில் ஓடியாடி முழங்கால் தேய்ந்த பிறகு இந்த மாடி கிளினிக்குக்கு வந்தார். கீழே மருந்துக் கடை, மேலே கிளினிக், நடுவில் இருபத்திரண்டு படிகள். டாக்டர் வயதில் சின்னவர், ஆனால் அவசரப்படாதவர். உள்ளே யாரை எப்போது அனுப்புவது என்பது அக்காவின் கையில். அந்த அதிகாரத்தை அவர் ரசித்துத்தான் வைத்திருந்தார், அதை மறைக்கவும் இல்லை.

எல்லோர் மணிக்கட்டிலும் ஸ்மார்ட் வாட்ச் ஏறிய காலத்திலிருந்து அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. "அக்கா, தொண்ணூறு காட்டுது", "அக்கா, எண்பத்தாறு காட்டுது" என்று வாரத்துக்கு நான்கு பேராவது மூச்சிரைக்க வருவார்கள். ஒருவருக்கு வாட்ச் வளையல் மாதிரித் தொங்கும். இன்னொருவர் பச்சை குத்திய இடத்தின் மேலேயே கட்டியிருப்பார். ஐஸ் பெட்டியில் மீன் அள்ளி விற்கிற அம்மா விறைத்த கையோடு வந்து நிற்பார். பட்டை தொளதொளவென்றிருந்தாலும், கை சில்லிட்டிருந்தாலும், அசைந்துகொண்டிருந்தாலும் மணிக்கட்டு வாட்ச் ஆக்ஸிஜனைக் கன்னாபின்னாவென்று காட்டும். தோலுக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கணக்குப் போடுகிற சாமான் அது. திரும்பி வருவது சரியாக வராவிட்டால் கணக்கும் சரியாக வராது.

இதில் அக்கா ஒருமுறை சூடும் பட்டிருந்தார். குளிரில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த ஒரு பெரியவரின் விரலில் எண்பத்திரண்டு என்று பார்த்துப் பதறி, ஆம்புலன்ஸ் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கையைச் சூடாக்கிப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு. அவருடைய மகன் திரும்பி வந்து, மருந்துக் கடை ஆட்கள் வரை கேட்கும்படி கத்திவிட்டுப் போனான். அன்றைக்கு அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். முதலில் உட்கார வைப்பது. கைகளைத் தேய்க்கச் சொல்வது. ஐந்து நிமிடம் மூச்சை ஆற்றிக்கொள்ள விடுவது. அதற்கப்புறம்தான் கிளிப். பத்தில் ஒன்பது பேருக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று வரும். "போங்க, போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். டாக்டரும் இந்த ஏற்பாட்டுக்குச் சரி என்றார்.

எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நாற்பத்தொன்பது வயது. கழுத்தில் இஞ்சு டேப் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் வெட்டுவார், தைப்பார். மனைவி காஜா எடுத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போடுவார். கிளினிக்கின் வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் அவர்கள் கைவேலைதான். ஒன்றரை மாதத்துக்கு முன்பு மாஸ்டர் கடைப் படியில் கால் மடங்கி இடது கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஒரு மாதம் மாவுக்கட்டு. பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்த நேரம் அது. கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூல்மேல் நீட்டி வைத்து, வலது காலால் மோட்டாரை மிதித்து, காலை முதல் மாலை வரை எழுந்திருக்காமல் தைத்துத் தள்ளினார். கட்டைப் பிரித்தபோது மகள் ஆசையாக ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். தினம் எத்தனை அடி நடக்கிறார் என்று பார்க்கத்தான்.

வாட்ச் அடிகளை மட்டும் எண்ணவில்லை.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எண்பத்தொன்பதுன்னு காட்டுது. பல்ஸ் நூத்துப் பதினாலு" என்று முதல் தடவை வந்தார்.

"பட்டை எவ்ளோ லூஸா இருக்கு பாருங்க மாஸ்டர். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிறீங்க, உங்க கைக்கு ஒரு பட்டையை இறுக்கிக் கட்டத் தெரியலையா? உட்காருங்க. கையைத் தேயுங்க."

உட்கார்ந்தார். தேய்த்தார். ஐந்து நிமிடம் கழித்து தொண்ணூற்றேழு, துடிப்பு தொண்ணூற்றெட்டு. மாஸ்டர் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு படியிறங்கினார்.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை பட்டை சரியாகவே இருந்தது. கையில் அவருடைய அளவு நோட்டு வேறு.

"படி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கா. எண்பத்தெட்டு காட்டுச்சு. நான் எல்லாத்தையும் இதுல குறிச்சு வச்சிருக்கேன்."

"நோட்டெல்லாம் எதுக்கு? விரல் இருக்குல்ல? முதல்ல உட்காருங்க."

தொண்ணூற்றாறு. துடிப்பு நூற்றாறு. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த மனிதனுக்கு நூற்றாறு கூடுதல்தான் என்று அக்காவுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதற்கு அவரே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டார்: நிமிடத்துக்கொரு தரம் வாட்சைப் பார்த்தால் யாருக்குத்தான் படபடக்காது? அன்றைக்குக் கூட்டமும் அதிகம்.

"மாஸ்டர், சொன்னா கேளுங்க. அதைக் கழட்டி மேஜை டிராயர்ல போடுங்க. பயம்தான் உங்க வியாதி. பார்க்காம இருந்தா தானா சரியாயிடும்."

மாஸ்டர் தலையாட்டினார். அக்கா சொன்னால் அந்தத் தெருவில் டாக்டர் சொன்ன மாதிரி.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. மழை பிடித்து ஊரெல்லாம் காய்ச்சல் என்பதால் ஹாலில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. மாஸ்டர் இரண்டு வெள்ளைக் கோட்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு, வைத்தியத்துக்கு இல்லாமல் சும்மா கொடுத்துவிட்டுப் போக வந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா... கோட்டு..." என்றார். மூச்சு வாங்கினார். "கைநீளம்... குறைச்சிருக்கேன்."

"உட்காருங்க மாஸ்டர், அஞ்சு நிமிஷம்..." என்று அக்காவின் வாய் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டது. உட்கார இடமில்லை. எழுந்து போய்க் கோட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர், குனிந்தபோது மாஸ்டரின் பேன்டைப் பார்த்தார்.

பலமுறை துவைத்து வெளுத்த சாம்பல் பேன்ட். இடது காலில் மட்டும், முட்டிக்குக் கீழே பக்கத் தையலை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, வெளுக்காமல் புதுத்துணி நிறத்தில் ஓடியது. உள்ளே மடிந்திருந்த துணியைப் பிரித்து வெளியே விட்டால்தான் அப்படித் தெரியும். வலது காலில் அது இல்லை.

"மாஸ்டர், இது என்ன? ஒரு காலை மட்டும் பிரிச்சு விட்டிருக்கீங்க?"

"கட்டு பிரிச்சதுலேருந்து... அந்தக் கால்ல மட்டும் டைட்டா இருந்துச்சு. ரெண்டு தடவை... பிரிச்சு விட்டாச்சு" என்றார், தொழில் விஷயத்தைச் சொல்கிற சாதாரணக் குரலில். வேறு யாராக இருந்தாலும் 'கால் வீங்கியிருக்கிறது' என்று காலைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். இவர் தையற்காரர். துணி இறுக்கினால் துணியைத்தான் சரி செய்வார்.

அக்கா கோட்டுகளை மேசைமேல் போட்டுவிட்டுக் கிளிப்பை எடுத்தார். நின்றபடியே அவர் கையைப் பிடித்துக் கிளிப்பை மாட்டினார். கை வெதுவெதுப்பாகவே இருந்தது. சில விநாடிகள் எண்கள் தடுமாறி நின்றன. எண்பத்தொன்பது. துடிப்பு நூற்று இருபத்தெட்டு.

காய்ச்சல்காரர் ஒருவர் எழுந்து நாற்காலியைத் தந்தார். மாஸ்டரை உட்கார வைத்துவிட்டு, அக்கா கிளிப்பைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்றார். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றுநான்கு. துடிப்பு மெல்ல இறங்கியது, நூற்றுப் பன்னிரண்டு. இன்னும் மூன்று நிமிடம் காத்திருந்தால் தொண்ணூற்றாறு வரும், அவரும் "போய் வேலையைப் பாருங்க" என்று சொல்லலாம். போன இரண்டு தடவையும் நடந்தது இதுதான் என்று அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபோது அவருக்கு விளங்கிவிட்டது. பொய் அளவை ஒழிக்க வைத்த ஐந்து நிமிடம் மெய்யான அளவையும் சேர்த்து ஒழித்துவிட்டிருந்தது.

வரிசையைப் பார்க்காமல் டாக்டரின் கதவைத் திறந்தார்.

டாக்டர் வெளியே வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். சளி சத்தம் இல்லை, இழுப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை. பேன்டை முட்டிவரை ஏற்றச் சொன்னார். இடது கெண்டைக்கால் பளபளவென்று உப்பியிருந்தது.

"சிஸ்டர், டேப் இருக்கா?"

அக்கா அலமாரிக்கு ஓடவில்லை. மாஸ்டரின் கழுத்திலிருந்த டேப்பையே உருவினார். முட்டிக்குக் கீழே ஒரே இடத்தில் இரண்டு காலையும் சுற்றிப் பிடித்தார். வலது முப்பத்தாறு சென்டிமீட்டர். இடது நாற்பது.

"மூச்சை இழுத்தா எங்கயாவது குத்துதா?" என்று டாக்டர் கேட்டார்.

"வலது விலாவுல... ரெண்டு நாளா. குனிஞ்சு தைக்கிறதால பிடிச்சிருக்கும்னு..."

டாக்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "மாஸ்டர், காலை அசைக்காம வச்சிருந்தா சிலருக்கு உள்ள ரத்தம் கட்டியாயிடும். அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போய் ரத்தக் குழாயை அடைச்சிருக்கலாம்னு சந்தேகப்படறேன். சந்தேகம்தான், ஸ்கேன்லதான் தெரியும். ஆனா தள்ளிப்போடற விஷயம் இல்லை. எழுந்திருக்காதீங்க. படியிறங்கவே கூடாது."

ஆக்ஸிஜன் முகமூடி மாட்டினார்கள். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வயது, கால் உடைந்தது, கட்டு, வீக்கம், நின்றபோது இருந்த அளவு எல்லாவற்றையும் சொன்னார். அவர்களோடு கலந்து பேசி, ரத்தக்கட்டி வளராமலிருக்க வயிற்றுத் தோலில் ஓர் ஊசியும் போட்டார். ஆம்புலன்ஸ் ஆட்கள் மாஸ்டரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, இருபத்திரண்டு படியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எதிர்க்கடையிலிருந்து அவர் மனைவி கையில் தையல் ஊசியோடு ஓடிவந்து, ஊசியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் முந்தானையில் குத்திக்கொண்டு வண்டியில் ஏறினார்.

கூட்டம் மதியம்வரை ஓயவில்லை. அதன்பிறகுதான் கோட்டுகளுக்குள் செருகியிருந்த அளவு நோட்டு அக்காவின் கண்ணில் பட்டது. இடுப்பு, மார்பு, கைநீளம் என்று எழுதுகிற அதே கட்டங்களில் மாஸ்டர் தன்னையே அளவெடுத்து வைத்திருந்தார், முதலில் ஆக்ஸிஜன், அடுத்தது துடிப்பு. 'காலை, எழுந்ததும்: 95, 96. மிஷினில் உட்கார்ந்து: 95, 101. துணிக்கட்டு தூக்கியதும் நின்று: 90, 119. கிளினிக் படி ஏறி நின்று: 88, 124.' மூன்று பக்கம். ஒழுங்காக, தேதியோடு. உட்கார்ந்தால் ஆக்ஸிஜன் ஏறுகிறது, நடந்தால் இறங்குகிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் புரியும்படி இருந்தது. கடைசி வரி போன வாரத்துத் தேதியில்: 'அக்கா கழட்டச் சொன்னார்கள். கழட்டியாச்சு.'

அக்கா நோட்டை மூடினார். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து டாக்டரிடம் நோட்டைக் காட்டினார்.

டாக்டர் மூன்று பக்கத்தையும் படித்தார். "வாட்ச் காட்டற ஆக்ஸிஜனை அப்படியே நம்ப முடியாது, நீங்க சொல்றது சரிதான் சிஸ்டர். ஆனா பல்ஸை அது பெரும்பாலும் சரியாத்தான் எண்ணும். ஆக்ஸிஜன் குறைஞ்சு, பல்ஸும் சேர்ந்து ஏறுதுன்னா, பட்டை லூஸுன்னு மட்டும் சொல்லி விட்டுட முடியாது. சளிக்காய்ச்சலா இருக்கலாம், இதயமா இருக்கலாம், இந்த மாதிரி அடைப்பா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஓய்வா இருக்கறப்போ உடம்பு எப்படியோ சமாளிச்சுடும். நடக்க விட்டாத்தான் வண்டவாளம் தெரியும்."

"ரெண்டு தடவை வந்தாரு டாக்டர். நான் உங்ககிட்ட அனுப்பவே இல்லை."

"அப்படி அனுப்பாம இருக்கலாம்னு சரி சொன்னது நான்தானே" என்றார் டாக்டர். அது ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு இல்லை. அவர் முகமும் நன்றாக இல்லை.

சாயங்காலம் செய்தி வந்தது. வலது நுரையீரலில் இரண்டு இடத்தில் அடைப்பு. இதயம் இன்னும் தாங்குகிறது, மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் தானாகவே விரலை நீட்டிப் பார்த்தார். அதற்கும் அக்கா சிரிக்கவில்லை.

ஆறு நாள் கழித்து மாஸ்டர் வீடு திரும்பினார். குறைந்தது மூன்று மாதம் மாத்திரை, அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மணிக்கொரு தரம் மிஷினைவிட்டு எழுந்து நடக்க வேண்டும். எட்டாம் நாள், சாப்பாட்டு இடைவேளையில், அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனார்.

மாஸ்டர் கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். "வாங்கக்கா! விரல் வேணுமா?" என்று ஆட்காட்டி விரலை நீட்டினார்.

அவர் மனைவி ஓடிவந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க கண்ணுல மட்டும் அந்தப் பேன்ட் படலேன்னா என்ன ஆயிருக்கும்! நீங்க நல்லா இருக்கணும்க்கா. ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் உங்களைப் பத்தித்தான் சொன்னேன்."

சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். மாஸ்டர் வீட்டில் வாயைத் திறந்திருக்கவில்லை என்பது அந்த அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது. அக்காவின் மனசு கேட்கவில்லை.

"அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்தாரும்மா. நான்தான் ஒண்ணுமில்லேன்னு திருப்பி அனுப்பினேன். வாட்சைக் கழட்டச் சொன்னதும் நான்தான். அன்னிக்கு நாற்காலி காலியில்லை, நின்னுக்கிட்டிருந்தாரு, அதான் அளவு குறைஞ்சு தெரிஞ்சுது. இதுல எல்லாம் எழுதியிருக்காரு. நான் பிரிச்சுக்கூடப் பார்க்கலை."

நோட்டை மேஜைமேல் வைத்தார். பிடித்திருந்த கைகள் மெல்ல விலகின. மனைவி நோட்டைப் பிரித்தார். எண்களின்மேல் விரலை வைத்து, துணியின் தையலைப் பார்க்கிற மாதிரி வரிவரியாகக் கீழே வந்து, கடைசி வரியில் நின்றார்.

"விடு, அவங்க என்ன வேணும்னா செஞ்சாங்க?" என்றார் மாஸ்டர்.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு உட்கார நாற்காலி இருந்திருந்தா?" என்று அக்காவைக் கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தொண்ணூத்தாறு வந்திருக்கும்" என்றார் அக்கா. "நானும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

மனைவி மேஜை டிராயரை இழுத்தார். சாக்பீஸ் துண்டு, பட்டன் டப்பா, நூல் சுற்றிய பாபின் எல்லாவற்றையும் ஒதுக்கி, அடியிலிருந்து வாட்சை எடுத்தார். மாஸ்டரின் இடது கையை இழுத்து, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே வைத்து, பட்டை நழுவாதபடி இழுத்துப் பூட்டினார்.

"இனிமே யார் சொன்னாலும் கழட்டக் கூடாது" என்றார்.

யார் என்பது கடையிலிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"ஆமா, கழட்டாதீங்க" என்றார் அக்கா. "அது குறைச்சுக் காட்டுச்சுன்னா நேரா மேல வாங்க மாஸ்டர். படி ஏற முடியலேன்னா கீழேருந்து கூப்பிடுங்க, நான் இறங்கி வரேன். நோட்டையும் கொண்டு வாங்க."

படியேறி மேசைக்குத் திரும்பியபோது அங்கே ஒரு இளம்பெண் வாட்ச் கட்டிய கையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். ஹாலில் நாற்காலிகள் எல்லாம் காலியாகத்தான் இருந்தன. அவளாகவே ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரப் போனாள்.

"ஒரு நிமிஷம் நில்லும்மா" என்றார் அக்கா. "நின்னபடியே முதல்ல விரலைக் குடு. அப்புறம் உட்காரலாம்."